வெட்டுவதற்கு முன் போடும் கணக்கு

திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கம் போனால், பெல் கொதிகலன் ஆலையை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளை வரிசையாகப் பார்க்கலாம். அப்படியொரு பட்டறைக்கு உயர் அழுத்தக் காற்றுத் தொட்டி ஒன்றுக்கு ஆர்டர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 500 மி.மீ., தகட்டின் தடிமன் 12 மி.மீ., உருளையின் நீளம் 1500 மி.மீ. தட்டைத் தகட்டை ரோலிங் மெஷினில் உருட்டி வளைத்து, இரு விளிம்பும் சந்திக்கும் இடத்தில் நீளவாக்கில் ஒரு வெல்டு போட வேண்டும். தகட்டை எந்த அளவுக்கு வெட்டுவது?

பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவர் பையை 500-ஆல் பெருக்கி 1571 என்பார். அந்த அளவில் வெட்டினால் தகடு சுமார் 38 மி.மீ. குறைந்துவிடும். தகட்டை வளைக்கும்போது அதன் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். நடுத் தடிமனில் ஓடும் கோடு மட்டும் ஏறக்குறைய நீளம் மாறாமல் இருக்கும். ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டிய விட்டம் உள்விட்டத்தோடு ஒரு தடிமன் சேர்ந்தது, அதாவது 512. அதைப் பையால் பெருக்கினால் 1608.5 மி.மீ. வருகிறது. எந்த ஃபிட்டருக்கும் இது தெரியும். சிக்கல் இதற்குப் பிறகுதான்.

அந்த 1608.5 என்பது வெல்டு போட்டு முடித்த பிறகு இருக்க வேண்டிய சுற்றளவு. வெல்டு விழும் இடத்தில் ஒரு இடைவெளி விட வேண்டும். விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். வெல்டு ஆறும்போது தகட்டை இழுத்துச் சுருக்கும். இந்த மூன்றும் சில மில்லிமீட்டர்களைக் கூட்டியோ கழித்தோ விடுகின்றன. தையல்காரர் தையலுக்கென்று துணி விட்டு வெட்டுவதுபோலத்தான் இதுவும். ஆனால் அவருக்கு விடுவது மட்டும்தான் வேலை. இங்கே சிலவற்றைக் கழிக்கவும் வேண்டும்.

முதலில் விளிம்பைப் பார்ப்போம். 12 மி.மீ. தகடுகள் இரண்டை நேர்விளிம்பாக ஒட்டி வைத்து மேலே வெல்டு போட்டால், உருகிய உலோகம் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும்; அடிப்பகுதி ஒட்டாமலே கிடக்கும். அதனால் இரு விளிம்பையும் சாய்வாகச் சீவி, சேர்த்து வைத்தால் நடுவில் ‘வி’ வடிவப் பள்ளம் வரும்படி செய்கிறார்கள். சீவிய சாய்வுக்குப் பெவல் என்று பெயர். அடிவரை கத்திமுனையாகச் சீவாமல், கடைசி 2 மி.மீ. உயரத்தை நேர்விளிம்பாக விடுவார்கள். வரைபடத்தில் அதன் பெயர் ரூட் ஃபேஸ். பட்டறையில் நோஸ் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இரண்டு நோஸுக்கும் நடுவே விடும் இடைவெளி ரூட் கேப். நம் தொட்டிக்கு அது 3 மி.மீ.

வரைபடத்தில் 60 டிகிரி என்று போட்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் தடுமாறும் முதல் இடம் இது.

“அண்ணே, ட்ராயிங்ல அறுபதுன்னு இருக்கு. டார்ச்சை அறுபதுல சாய்க்கட்டுமா?”

“ரெண்டு தகடும் சேர்ந்துதான்டா அறுபது. ஒரு தகட்டுக்கு முப்பது. செங்குத்துல இருந்து முப்பது சாய்.”

செங்குத்திலிருந்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தகட்டின் மேல்பரப்பிலிருந்து அளந்தால் அதே சாய்வு 60 டிகிரியாகத் தெரியும். 30-க்கும் 60-க்கும் இந்தக் குழப்பம் நேர்ந்தாலும் தற்செயலாகச் சரியாகிவிடும். குழாய் விளிம்புகளுக்கு வழக்கமான 37.5 டிகிரிக்கு அந்தத் தயவு கிடையாது. அதைத் தவறான பக்கத்திலிருந்து அளந்தால் பெவல் 52.5 டிகிரிக்குப் போய்விடும்.

ஏன் 30? ராட் அடிவரை போக வேண்டும் என்பதற்காக. 3.15 மி.மீ. ராட் என்பது உள்ளிருக்கும் கம்பியின் அளவு. மேல்பூச்சையும் சேர்த்தால் 5 மி.மீ.க்கு மேல் வரும். ஐந்தரை என்றே வைப்போம். 3 மி.மீ. கேப், 30 டிகிரி பெவல் உள்ள பள்ளத்தில் இந்த ராடை இறக்கினால், நோஸுக்கு மேலே சுமார் 2 மி.மீ. உயரத்தில்தான் பக்கச்சுவர்களில் இடிக்கும். பெவலை 20 டிகிரியாகக் குறைத்தால் மூன்றரை மி.மீ. உயரத்திலேயே நின்றுவிடும். ஆர்க் அந்த அளவுக்கு நீளும். அடியில் உலோகம் உருகாமல் போகும். பக்கச்சுவரில் கசடு சிக்கும். வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ராட் போகாத இடத்தில் வெல்டு போட முடியாது. அதற்காகக் கோணத்தை இஷ்டத்துக்கு விரித்துவிடவும் கூடாது. விரித்த பள்ளம் முழுவதையும் ராடால்தான் நிரப்பியாக வேண்டும்.

எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போடலாம். பெவலின் உயரம், தடிமனில் நோஸ் போக மீதி, அதாவது 10 மி.மீ. 30 டிகிரியின் டான் மதிப்பு 0.577. இரண்டையும் பெருக்கினால் 5.77. ஒவ்வொரு தகட்டின் மேல்விளிம்பும் நோஸிலிருந்து இவ்வளவு பின்வாங்கியிருக்கும். இரு பக்கமும் சேர்த்து, நடுவில் 3 மி.மீ. கேப்பையும் கூட்டினால் பள்ளத்தின் மேல்வாய் பதினான்கரை மி.மீ. பள்ளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை இரண்டு துண்டாகப் பார்க்கலாம். கேப்புக்கு நேர் மேலே நிற்கும் செவ்வகம் 3 பெருக்கல் 12, அதாவது 36 சதுர மி.மீ. இருபுறமும் உள்ள முக்கோணங்கள் சேர்ந்து 57.7. மொத்தம் 94 சதுர மி.மீ.

இப்போது கோணத்தை மாற்றிப் பாருங்கள். பெவலை 37.5 டிகிரிக்கு விரித்தால் பரப்பு 113 ஆகிறது. 20 சதவீதம் கூடுதல். அதை 30-லேயே வைத்துவிட்டு, கேப் மட்டும் கவனக்குறைவால் 3-க்குப் பதில் 5 மி.மீ. ஆகிவிட்டதென்றால் பரப்பு 118. 26 சதவீதம் கூடுதல். கோணமானியை வைத்து ஏழரை டிகிரிக்குச் சண்டை போடுகிற பட்டறைகள், கேப்பில் இரண்டு மில்லிமீட்டரைக் கண்டுகொள்ளாமல் விடுவதைப் பார்க்கிறோம். செலவு எங்கே போகிறது என்று அந்தப் பட்டறைகளுக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். முக்கோணம் மேலே போகப் போகத்தான் அகலும்; கேப் அடியிலிருந்து உச்சிவரை முழு உயரத்துக்கும் உலோகம் கேட்கும்.

தடிமன் ஏறினால் கதை மாறும். முக்கோணத்தின் பரப்பு பெவல் உயரத்தின் வர்க்கமாக வளரும். அதே கேப், அதே நோஸ் வைத்து 20 மி.மீ. தகட்டுக்குக் கணக்கிட்டால் 247 சதுர மி.மீ. வருகிறது. தடிமன் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. உலோகமோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. இருபுறமும் வெல்டர் நெருங்க முடிகிற வேலைகளில், இந்தத் தடிமனுக்கு மேலே போகும்போது இரட்டை ‘வி’-க்கு மாறிவிடுவது இதனால்தான்.

நம் தொட்டியில் அந்த வசதி இல்லை. 500 மி.மீ. வாய்க்குள் ஆள் நுழைந்து உள்ளிருந்து வெல்டு போட முடியாது. வெளியிலிருந்து போடும் ஒரே வெல்டு அடிவரை போய், உள்பக்கத்தில் லேசாகப் புடைத்துத் தெரிய வேண்டும். உள்ளே இறங்க முடிகிற பெரிய தொட்டியில் பின்பக்கத்தைத் தோண்டி எடுத்து மறுபடி வெல்டு போடுவார்கள். அங்கே கேப் சற்று முன்பின் ஆனாலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். இங்கே முடியாது. ஆகவே கேப் என்னும் அந்த 3 மி.மீ.யே முதல் ரன்னின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அதை அளந்து வைக்கும் முறை எளிமையானது. ஒரு ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு, உள்கம்பியை வளைத்து இரு விளிம்புக்கும் நடுவே செருகுவார்கள். 3.15 கம்பி இறுக்கமாக உட்கார்ந்தால் கேப் சரி. இரு முனையிலும் டேக் வைத்தபின் கம்பியை உருவிவிடலாம். அனுபவப்பட்டவர்கள் வெல்டு தொடங்கும் முனையில் 3 வைத்தால், முடியும் முனையில் முக்கால் அல்லது ஒரு மி.மீ. கூட்டியே வைப்பார்கள். முதல் ரன் முன்னேற முன்னேற அதன் சுருக்கம் முன்னால் இருக்கும் கேப்பை மூடிக்கொண்டே போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேப் குறுகினாலோ, நோஸ் தடித்தாலோ அடி உருகாது. உருளைக்குள் டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தால் நோஸின் இரு விளிம்பும் கோடு போட்டதுபோல அப்படியே தெரியும்; எக்ஸ்ரே ஃபிலிமில் அது நேரான கருங்கோடாக விழும். வளைந்து நெளியாமல் அத்தனை நேராக இருப்பதே, அது மெஷினோ கட்டரோ விட்ட விளிம்பு, இன்னும் உருகவில்லை என்பதற்கு அடையாளம். கேப் அகன்றால் எதிர்மாறு: உலோகம் உள்ளே ஒழுகித் தொங்கும், அல்லது ஓட்டை விழும். ஒழுகித் தடித்த இடம் ஃபிலிமில் வெளிறித் தெரியும், ஓட்டை விழுந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும்.

இனி தகட்டின் அளவுக்கு வருவோம். முடிந்த சுற்றளவு 1608.5. கேப்பில் இருக்கப்போவது ராடிலிருந்து வரும் உலோகம், தகடு இல்லை. ஆகவே 3 மி.மீ.யைக் கழிக்க வேண்டும், 1605.5.

அடுத்தது சுருக்கம். உருகிய உலோகம் ஆறும்போது இரு பக்கத் தகட்டையும் தன்னை நோக்கி இழுக்கும். எவ்வளவு என்பதற்குப் பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு வாய்பாடு உண்டு. வெல்டின் குறுக்குவெட்டுப் பரப்பைத் தடிமனால் வகுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு கேப்பில் இருபதில் ஒரு பங்கு. பள்ளத்தின் 94 சதுர மி.மீ.யோடு மேலே புடைத்து நிற்கும் பகுதிக்கு 22 சேர்த்தால் 116. வாய்பாட்டில் போட்டால் 2 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. இதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை ரன்னில் நிரப்புகிறார்கள், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். உங்கள் பட்டறைக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரே வழி: வெல்டுக்கு இருபுறமும் 100 மி.மீ. தூரத்தில் இரண்டு சென்டர் பஞ்ச் புள்ளிகள் குத்தி, போடுவதற்கு முன்பும் ஆறிய பிறகும் அளந்து பார்ப்பது. இப்போதைக்கு 2 மி.மீ. கூட்டுவோம், 1607.5.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

தகட்டுக்கு 30 டிகிரி பெவலை எப்படி வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். சிறிய பட்டறையில் எட்ஜ் மில்லிங் மெஷின் இருக்காது. தண்டவாளத்தில் ஊர்ந்துபோகும் பக் கட்டிங் மெஷினில் கேஸ் டார்ச்சைச் சாய்த்து வெட்டுவார்கள். சாய்த்து வெட்டும்போது தீச்சுவாலை கடக்க வேண்டிய இரும்பு 12 மி.மீ. இல்லை, கிட்டத்தட்ட 14. நாஸிலையும் வேகத்தையும் அந்தக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இப்படி ஒரே வெட்டில் சீவும்போது விளிம்பு அடிவரை கத்திமுனையாக வந்துவிடும். நோஸ் கிடையாது. பிறகு கையில் கிரைண்டரை எடுத்து அந்தக் கத்திமுனையைத் தேய்த்து 2 மி.மீ. நோஸ் உண்டாக்குவார்கள். தேய்த்தால் விளிம்பு பின்வாங்கும். எவ்வளவு? 2 பெருக்கல் 0.577, அதாவது 1.15 மி.மீ. இரு விளிம்புக்கும் சேர்த்து 2.3.

1607.5-க்கு வெட்டி, பெவல் எடுத்து, நோஸ் தேய்த்த தகடு 1605.2 ஆகிவிடும். உருட்டியபின் இரண்டில் ஒன்று நடக்கும். சுற்றளவைச் சரியாக வைத்தால் கேப் 5.3 மி.மீ. ஆகும், நிரப்ப வேண்டிய உலோகம் 30 சதவீதம் கூடும், அடியும் ஒழுகும். கேப்பைச் சரியாக வைத்து இறுக்கினால் தொட்டி சிறுத்துவிடும். இப்படி ஆகும்போது பழி வழக்கமாக வெல்டர் தலையில்தான் விழும். உண்மையில் மார்க்கிங் போட்டவர் அந்த 2.3-ஐக் கூட்ட மறந்திருப்பார். ஆகவே கத்திமுனையாக வெட்டி நோஸ் தேய்க்கும் பட்டறைக்கு வெட்டளவு 1609.8, நடைமுறையில் 1610 மி.மீ. நோஸை விட்டு மெஷினில் பெவல் எடுக்கும் பட்டறைக்கு 1607.5 போதும். ஒரே தொட்டிக்கு, பெவல் எடுக்கும் முறையைப் பொறுத்து இரண்டு அளவுகள்.

தலைகீழாகவும் ஒன்று கவனிக்கத்தக்கது. மூன்று கழித்து, இரண்டும் 2.3-உம் கூட்டினால் நிகரம் 1.3 தான். இதெல்லாம் எதுவும் தெரியாமல் நேராக 1608.5-க்கு வெட்டியவரும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் தப்பித்துவிடுவார். “நாங்க இருபது வருஷமா இப்படித்தான் வெட்டுறோம், ஒண்ணும் ஆகலை” என்று சிலர் சொல்வதன் ரகசியம் இது. ஒரு பிழை மற்றொன்றை அடித்துவிடுகிறது. நோஸின் உயரத்தையோ பெவல் எடுக்கும் முறையையோ மாற்றிய அன்று அந்த அதிர்ஷ்டம் போய்விடும்.

தொட்டியின் நீளத்துக்கும், அதாவது தகட்டின் அகலத்துக்கும், இதே கணக்குதான். இரு முனையிலும் டிஷ் எண்ட் பொருத்தும் வெல்டு வருகிறது. வெல்டு நடுவிலிருந்து வெல்டு நடுவரை 1500 வேண்டுமென்றால், இரு முனையிலும் பாதிப் பாதி கேப்புக்காக மொத்தம் 3 கழித்து, பாதிப் பாதி சுருக்கத்துக்காக 2 கூட்டி, நோஸுக்காக 2.3 கூட்டினால் 1501.3 வரும்.

வெட்டியதை எப்படிச் சரிபார்ப்பது? பெவல் எடுத்து நோஸ் தேய்த்து முடித்தபின், தகட்டின் அடிப்பரப்பில் நோஸிலிருந்து நோஸ்வரை 1607.5 இருக்க வேண்டும். மேல்பரப்பில் டேப் வைத்தால் 1596 தான் வரும், ஏனென்றால் இரு பக்கமும் 5.77 பின்வாங்கியிருக்கிறது. இது தெரியாத ஆய்வாளர் நல்ல தகட்டைச் சிறுத்துவிட்டது என்று ஒதுக்கிவைப்பார். நீளத்தை இரு ஓரத்திலும் அளக்க வேண்டும்; ஒரு ஓரம் 1607, மறு ஓரம் 1610 என்றால் கேப் ஒரு முனையில் ஒட்டியும் மறுமுனையில் விரிந்தும் நிற்கும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்றும் பார்க்க வேண்டும். கோணமானி கைவசம் இல்லாவிட்டாலும் பெவலைச் சோதிக்கலாம்: நோஸிலிருந்து மேல்விளிம்பு பின்வாங்கிய தூரத்தை ஸ்கேலில் அளந்தால், 5.8 என்றால் 30 டிகிரி, 4.7 என்றால் 25, 7 என்றால் 35.

ரோலிங்குக்கு ஏற்றும்போது பெவல் முகம் வெளிப்பக்கம் வரும்படி தகட்டைப் போட வேண்டும். திருப்பிப் போட்டு உருட்டிவிட்டால் பள்ளம் தொட்டிக்குள் போய்விடும். இந்த விட்டத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உருட்டும்போது தகட்டின் இரு ஓரமும் வளையாமல் சற்றுத் தட்டையாக நிற்பது மூன்று ரோலர் மெஷினின் குணம். முன்கூட்டியே பிரஸ்ஸில் ஓரங்களை வளைத்துவிட்டால் இந்த அளவு செல்லும். அந்த வசதி இல்லாமல், ஓரத்தில் கூடுதல் தகடு விட்டு உருட்டி, பிறகு வெட்டி எறிபவர்கள் பெவலையும் உருட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். ஓரம் தட்டையாகவே நின்றுவிட்டால் இரு விளிம்பும் கூரைபோலக் கூம்பி நிற்கும். வரைபடத்தில் போட்ட 60 டிகிரி அப்போது 60-ஆக இருக்காது.

டேக் வைத்ததும் வெளிப்பக்கத்தில் டேப்பைச் சுற்றுங்கள். 524 மி.மீ. வெளிவிட்டத்துக்கு முடிந்த சுற்று 1646. இன்னும் சுருங்க வேண்டிய 2-ஐச் சேர்த்து இப்போது 1648 காட்ட வேண்டும். 1651 காட்டினால் கேப் எங்கோ விரிந்திருக்கிறது, 1645 காட்டினால் தகடு எங்கோ தொலைந்திருக்கிறது. சுற்றில் 3 மி.மீ. பிசகினால் விட்டத்தில் ஒரு மி.மீ. தான் பிசகும், ஆனால் டிஷ் எண்டைக் கொண்டுவந்து வைக்கும்போது அந்த ஒரு மி.மீ. படியாக நிற்கும். டேக்கைக் கிரைண்டரால் வெட்டிப் பிரிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். முழு வெல்டு போட்டு எக்ஸ்ரேயில் தோற்ற பிறகு என்றால், ஒன்றரை மீட்டர் சீமையும் தோண்டி எடுத்து, கிட்டத்தட்ட இரண்டே கால் கிலோ ராடை மறுபடி எரிக்க வேண்டியிருக்கும். ஆகவே டேப்பைச் சுற்றிப் பார்க்காமல் முதல் ரன்னைத் தொடங்க அனுமதிக்காதீர்கள்.